ஒரே ஒரு ஊசிக்குச் சம்மதித்த பாட்டி: எந்தப் பரிசோதனைகளைக் கேட்பது?

கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரியும் இளம் மருத்துவர் நான். 68 வயதுப் பாட்டி ஒருவருக்கு 4 மாதங்களாகத் தீராத சோர்வு இருக்கிறது; படியேறினால் மூச்சு வாங்குகிறது, கீழிமையின் உட்புறம் வெளுத்திருக்கிறது. மூட்டுவலிக்காக மருந்துக்கடையில் வாங்கிய வலிமாத்திரையை நெடுநாளாக விழுங்கி வருகிறார் என்பதால், இரைப்பையில் இரத்தம் கசிகிறதோ என்பதே என் முதல் ஐயம். மலம் கறுத்துப் போகவில்லை என்கிறார். ஆனால் மெதுவான கசிவு கண்ணுக்குத் தெரியாது. மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

விரல் நுனியில் குத்திப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 7.8 கிராம். காரணம் அறியாமல் இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்தால் கசிவு மறைந்தே தொடரக்கூடும். நரம்பில் எடுப்பது ஒரு தேக்கரண்டி அளவுதான் என்று குழாய்களைக் காட்டி விளக்கியும், "இருக்கிற ரத்தத்தையும் எடுத்துட்டா எப்படிய்யா நடப்பேன்?" என்று எழுந்து போய்விட்டார். அடுத்த முறை ஊசியைப் பற்றியே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். இரத்தப் பரிசோதனை செய்த மறுமாதமே தம் அக்கா இறந்ததைச் சொன்னார். அவர் அஞ்சியது ஊசியை அல்ல, பரிசோதனை முடிவை. என்ன வந்தாலும் முதலில் அவரிடமே சொல்வேன் என்றதும், வெள்ளிக்கிழமை ஒரே ஒரு முறை என்று இசைந்தார்.

முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, தைராய்டு, கிரியேட்டினின் ஆகியவற்றை எழுதியிருக்கிறேன். இந்த ஒரே வாய்ப்பில் நான் விட்டுவிடக் கூடாத வேறு பரிசோதனை எது?