அரைத் துளி டீசலும் அடியில் தங்கிய வாஷரும்: நாசில் அனுபவங்கள்

வடுவூர் விவசாயி

எங்கள் போர்வெல்லில் நீர் இறைக்கும் 5 குதிரைத்திறன் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், சென்ற கோடை வரை மணிக்கு ஏறத்தாழ 1.1 லிட்டர் டீசல் குடித்து வந்தது. குறுவைக்கு நாற்று விட்ட சமயத்தில் அதே நீருக்கு 1.5 லிட்டர் செலவானது. கூடவே கரும்புகையும், காலையில் எடுத்தவுடன் சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசையும் சேர்ந்துகொண்டன. வந்து பார்த்த மெக்கானிக், டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்பைக் கழற்றி, அதற்குள் டீசலைத் தள்ளும் எலிமென்ட்டை மாற்றினார். எந்த மாற்றமும் இல்லை. பிறகு சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை வெளியே எடுத்து, அதன் நுனியில் உள்ள நாசிலின் துளைகளைத் தையல் ஊசியால் குத்திச் சுத்தம் செய்து மாட்டினார். புகை முன்னிலும் கூடியது.

இறுதியில் அந்த இன்ஜெக்டரைத் தஞ்சாவூரில் ஒரு டீசல் பட்டறைக்கு எடுத்துச் சென்று, கைப்பம்ப்பும் அழுத்தமானியும் உள்ள டெஸ்டரில் மாட்டிப் பார்த்தோம். 200 பாரில் திறக்க வேண்டியது 150-இலேயே திறந்துவிட்டது. மூன்று துளைகளில் ஒன்று அடைத்திருந்தது, ஒன்று பனிபோலத் தெளித்தது, ஊசி குத்திய மூன்றாவதிலிருந்து கம்பியைப் போன்ற தாரை நேராகப் பாய்ந்தது. நெம்புகோலை விட்ட பின்னும் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. புதிய நாசில் போட்டு, 200 பாருக்கு வைத்துக் கொடுத்தார்கள். இப்போது செலவு 1.25 லிட்டருக்கு இறங்கியுள்ளது. ஆனால் சுமை ஏறும்போது கரும்புகையும், காலை ஓசையும் இன்னும் போகவில்லை. இதே நிலையைக் கண்டவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் உதவியாக இருக்கும்.

தாராபுரம் டிராக்டர்

ஐயா, எனக்கும் இதே புகை இருந்தது. தீர்வு எளியது: திறப்பு அழுத்தத்தை ஏற்றிவிடுங்கள். என் டிராக்டரின் இன்ஜெக்டர்களில் ஸ்பிரிங்கின் மேல் கூடுதலாக ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து, 200 பாரில் இருந்ததை 240 வரை உயர்த்தினேன்; புகை உடனே குறைந்தது. அழுத்தம் கூடினால் துளி சிறிதாகும், துளி சிறிதானால் முழுவதும் எரியும். இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

கோவை நாசில் பட்டறை

26 ஆண்டுகளாக நாசில் டெஸ்டரின் முன் நிற்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் வடுவூர் ஐயாவின் எஞ்சினையே கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், மணிக்கு 45,000 முறை டீசலைப் பீய்ச்சுகிறது. 1.1 லிட்டரை அதனால் வகுத்தால், ஒரு தடவைக்கு ஏறத்தாழ 25 கன மில்லிமீட்டர், அதாவது மருந்துச் சொட்டில் பாதி வருகிறது. இந்த அரைச் சொட்டு, சிலிண்டருக்குள் நுழைந்து, ஆவியாகி, காற்றுடன் கலந்து எரிய வேண்டிய நேரமோ சில மில்லி விநாடிகள்தாம்.

அரைச் சொட்டு ஒரே உருண்டையாக உள்ளே விழுந்தால், சூடான காற்று தொடக்கூடிய பரப்பு அரைச் சதுர சென்டிமீட்டர்கூட இல்லை. அதையே 20 மைக்ரான் குறுக்களவுள்ள துளிகளாக உடைத்தால் ஏறத்தாழ 60 லட்சம் துளிகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு 75 சதுர சென்டிமீட்டர். துளியின் குறுக்களவு இரட்டிப்பானால், அது ஆவியாகி முடிய நான்கு மடங்கு நேரமாகும். ஐந்து மடங்கானால், 25 மடங்கு. உண்மையான தெளிப்பில் எல்லாத் துளிகளும் ஒரே அளவில் இருப்பதில்லை என்றாலும், உங்கள் ஊசி குத்திய துளையிலிருந்து வந்த தாரையில் பெரிய துளிகளே மிகுதியாக இருந்திருக்கும். அவற்றின் வெளிப்பக்கம் எரியும். உட்பக்கம் காற்றுக் கிடைக்காமல் வெந்து கரியாகும். அதுதான் நீங்கள் பார்த்த புகை. நுனியில் தொங்கிய சொட்டும் அப்படியே: எரிதல் முடியும் தறுவாயில் உள்ளே விழுந்து, பாதி எரிந்து, நாசில் வாயிலேயே கரியாகப் படியும்.

தாராபுரம் நண்பர் சொன்னதில் பாதி சரி. அழுத்தம் கூடினால் துளி சிறிதாகும் என்பது உண்மை. புதிய ஸ்பிரிங் நாளடைவில் சற்றுத் தளரும் என்பதால், நாங்களே குறித்த அளவுக்கு மேல் 10 பார் வைத்துக் கொடுப்பதும் உண்டு. ஆனால் 40 பார் ஏற்றினால் நாசிலின் துளைகளை மூடியிருக்கும் நீடில் தாமதமாகத் திறக்கிறது, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் அதே நிலையில் இருந்தாலும் உள்ளே போகும் டீசலின் அளவும் சற்றுக் குறைகிறது, நீடில் சீட்டில் அறையும் வேகம் கூடி சீட் விரைவில் தேய்கிறது. அவருடைய புகை குறைந்ததற்குத் துளி சிறுத்தது காரணமா, டீசல் குறைந்தது காரணமா என்பதை, கனமான உழவில் எஞ்சின் இழுக்கிறதா என்று பார்த்தால்தான் சொல்ல முடியும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துளி எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது என்பதும் சரியல்ல. அழுத்திய காற்று, 40 பார் அளவில், கெட்டியானது. மிக நுண்ணிய துளிக்கு அதைத் துளைத்துப் போகும் வேகம் இருக்காது. அது நாசிலைச் சுற்றியே நின்றுவிட்டால், பிஸ்டன் கிண்ணத்தின் ஓரத்தில் உள்ள காற்று பயன்படாமல் கிடக்க, நடுவில் டீசல் மூச்சுத் திணறும். துளி எங்கே போய்ச் சேருகிறது என்பதும் அதன் அளவைப் போலவே முக்கியம். எனவே வடுவூர் ஐயாவிடம் ஒரு கேள்வி: இன்ஜெக்டரை மாட்டும்போது, அதன் அடியில் இருந்த பழைய செப்பு வாஷரை எடுத்தார்களா?

சேலம் காரோட்டி

என் காரில் காமன் ரெயில் இருக்கிறது. 1600 பார் என்கிறார்கள். சென்ற மாதம் ஸ்டார்ட் ஆகாமல் நின்றபோது, நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களிலும் சிறு குப்பிகளை மாட்டி அளந்து, ஒன்று மட்டும் அளவுக்கு மீறித் திருப்பி அனுப்புவதைக் கண்டுபிடித்தார்கள். உங்கள் எஞ்சினிலும் ரிட்டர்ன் குழாயை அளந்து பாருங்கள், ஐயா. கம்ப்யூட்டரை இணைத்துப் பிழைக் குறியீடு பார்த்தாலும் தெரிந்துவிடும்.

கோவை நாசில் பட்டறை

வடுவூர் ஐயாவின் எஞ்சினில் கம்ப்யூட்டர் கிடையாது. காமன் ரெயிலில் அழுத்தம் எப்போதும் தயாராகக் காத்திருக்கும். இதில் ஒவ்வொரு தடவையும் கேம் தள்ளும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. ரிட்டர்ன் அளவு நீடில் தேய்மானத்தை இங்கும் ஓரளவு காட்டும். ஆனால் புதிய நாசிலில் அதைத் தேடுவதால் பயனில்லை.

காங்கேயம் புங்க எண்ணெய்

டீசல் விலை ஏறியபோது, எங்கள் தோட்டத்துப் புங்க எண்ணெயை வடிகட்டி, பாதிக்குப் பாதி டீசலில் கலந்து ஓட்டினேன். முதல் இரண்டு வாரம் எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகு காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. நாசிலைக் கழற்றியபோது ஒவ்வொரு துளையைச் சுற்றியும் நாதசுர அணைசு போலக் கரி விரிந்து படிந்திருந்தது. புங்க எண்ணெய் டீசலை விடப் பத்து மடங்கு அளவுக்குக் கெட்டியானது, அதே பம்ப்பும் அதே துளையும் அதைச் சிறு துளியாக உடைக்க முடியாது என்று பட்டறைக்காரர் விளக்கினார். கிரீஸ் மாதிரி கெட்டியாகிவிட்ட எஞ்சின் ஆயிலைப் பார்த்த பிறகு, அந்தக் கலவையை விட்டுவிட்டேன். எண்ணெயைச் சூடாக்கி அனுப்பினால் சரியாகும் என்று சிலர் சொல்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா?

செவிலியர், திருப்பூர்

எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரியாது; ஆனால் டெஸ்டரைப் பற்றிப் பேசுவதால் எழுதுகிறேன். என் தம்பி ஒரு பட்டறையில் வேலை பழகும்போது, தெளிப்பு எப்படி வருகிறது என்று நாசிலுக்கு முன்னால் விரலை நீட்டிவிட்டான். ஊசி குத்தியதைப் போன்ற ஒரு புள்ளி மட்டும் தெரிந்தது, இரத்தம்கூட வரவில்லை. வலியும் அதிகம் இல்லை என்று வீட்டுக்கு வந்துவிட்டான். இரவில் விரல் வீங்கி உள்ளங்கை வரை ஏறியது. டீசல் தோலுக்குள் புகுந்து தசைநார் உறை வழியே பரவியிருந்தது. அறுவை செய்து கழுவ வேண்டியதாயிற்று. புள்ளி சிறிதாக இருந்தாலும், அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போங்கள். எப்படி ஏற்பட்டது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கோவை நாசில் பட்டறை

அம்மா சொன்னதை ஒவ்வொரு பட்டறையும் கேட்க வேண்டும். என்னிடம் நாசில் எப்போதும் கண்ணாடிக் குடுவைக்குள்தான் தெளிக்கும்.

வடுவூர் விவசாயி

கோவை ஐயாவுக்கு நன்றி. நேற்று இன்ஜெக்டரைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். தலையின் துளைக்குள் பழைய செப்பு வாஷர் கரியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் புதியதையும் போட்டு மாட்டியிருக்கிறார்கள். பழையதைச் சுரண்டி எடுத்து, ஒரே வாஷரோடு மாட்டிய பிறகு, சுமையில் வந்த கரும்புகை ஏறத்தாழ நின்றுவிட்டது. இன்று மூன்று மணி நேரத்துக்கு 3.4 லிட்டர் செலவாயிற்று. ஒரு வாஷரின் கனம் இவ்வளவு செய்யுமா?

காலை ஓசை மட்டும் அப்படியே இருக்கிறது.

கோவை நாசில் பட்டறை

செய்யும். உங்கள் நாசில் அந்தக் கனத்துக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. அதனால் கிண்ணத்துக்குள் இறங்க வேண்டிய தெளிப்பு, அதன் விளிம்பிலும் பிஸ்டனின் தட்டையான மேற்பரப்பிலும் மோதியிருக்கும். அங்கே மோதிய துளிகள் படலமாக ஒட்டிக்கொள்ளும். நாசில் எவ்வளவு நன்றாக உடைத்திருந்தாலும் பயன் இல்லாமல் போகும்.

ஓசைக்கு என் சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது. எலிமென்ட் மாற்றப் பம்ப்பைக் கழற்றினார்கள் என்றீர்கள். அந்தப் பம்ப்பின் அடியில் மெல்லிய ஷிம்கள் இருக்கும். அவற்றில் ஒன்று விடுபட்டால் பம்ப் தாழ்ந்து, டீசல் முன்கூட்டியே பாயத் தொடங்கும். அப்போது சிலிண்டரின் காற்று இன்னும் போதிய சூடு ஏறியிருக்காது. தீப்பிடிக்கத் தாமதமாகி, அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் முழுவதும் ஒரே கணத்தில் எரியும். குளிர்ந்த காலையில் இது அதிகம் கேட்கும். என்னிடம் வரும் இவ்வகை எஞ்சின்களில் டீசல் பாயும் தொடக்கம், பிஸ்டனின் மேல்நிலைக்கு 23 பாகை முன்னால் இருக்கும். பைப்பையும் டெலிவரி வால்வையும் எடுத்துவிட்டு, ரேக்கை முழு டீசலில் வைத்து, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பம்ப்பின் வாயில் டீசல் வழிவது எந்த இடத்தில் நிற்கிறதோ, அதுதான் தொடக்கம். ஃப்ளைவீல் குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தாராபுரம் டிராக்டர்

உழவில் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது கியரில் முன்பு போல இழுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முழுவதும் டீசல் குறைந்ததால்தான் புகை நின்றது என்று என்னால் ஏற்க முடியவில்லை; சுமையே இல்லாதபோதும் கரும்புகை இல்லை. 220-இல் வைத்து ஒரு வாரம் ஓட்டிவிட்டு எழுதுகிறேன்.

வடுவூர் விவசாயி

மெக்கானிக்கிடம் கேட்டேன், இருந்த ஷிம்கள் எல்லாவற்றையும் திரும்ப வைத்ததாகச் சொல்கிறார். பயிர் பொதி கட்டும் நேரம் என்பதால், இப்போது எஞ்சினை ஒரு நாள்கூட நிறுத்த முடியாது. அறுப்பு முடிந்ததும் பம்ப்பைத் திறந்து, குறி எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.