நாணயத்தை வைத்து அளந்தால் கேரட் ஏன் பருத்துத் தெரிகிறது?

கேத்தி உழவர்:
கேத்திப் பள்ளத்தாக்கில் இரண்டு பாத்திகளில் வெவ்வேறு இடைவெளி விட்டுப் பயிரிட்ட கேரட்டுகளின் பருமனை ஒப்பிட்டு வருகிறேன். நீல அட்டையின் மேல் கேரட்டையும் பத்து ரூபாய் நாணயத்தையும் வைத்து, 40 செ.மீ. உயரத்தில் முக்காலியில் பொருத்திய கைபேசியால் படமெடுக்கிறேன். நாணயத்தின் விட்டம் 27 மி.மீ.; படத்தில் அது 189 பிக்சல்; ஆகவே ஒரு மில்லிமீட்டருக்கு 7 பிக்சல். வெர்னியரில் 40 மி.மீ. காட்டிய கேரட் படத்தில் 295 பிக்சல், அதாவது 42 மி.மீ.க்குச் சற்று மேல் வருகிறது. எந்தக் கேரட்டை அளந்தாலும் கூடுதலாகவே வருகிறது. பிழை எங்கே இருக்கிறது?

குன்னூர் நிரலர்:
கைபேசி சாய்ந்திருக்கிறது என்பதே என் கணிப்பு. மேலிருந்து நேராகப் பார்க்காத படத்தில் எந்த அளவும் சரியாக வராது. நீர்மட்டம் காட்டும் செயலியை வைத்துக் கைபேசியைச் சமப்படுத்துங்கள். அதற்குப் பிறகும் கூடுதலாக வந்தால் எல்லா விடைகளையும் 0.95 ஆல் பெருக்கிவிடுங்கள். 42 என்பது 40 ஆகிவிடும்.

கோத்தகிரி நில அளவர்:
சாய்வு இருக்கிறதா என்பதை அந்த நாணயமே சொல்லிவிடும். சாய்ந்த படத்தில் வட்டம் நீள்வட்டமாகும். ஒரு பக்கம் 189 பிக்சலும் குறுக்கே 183 பிக்சலும் இருந்தால் ஏறத்தாழ 14 பாகை சாய்வு என்று பொருள். கேத்தி உழவர் இரண்டு திசைகளிலும் நாணயத்தை அளந்து சொன்னால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

என் எண்ணம் வேறு. நாணயம் அட்டையில் படிந்து கிடக்கிறது. கேரட்டின் மிக அகன்ற பகுதியோ அட்டையில் இல்லை. உருண்டைப் பொருள் ஆதலால் அது பாதி உயரத்தில், அதாவது 40 மி.மீ. கேரட்டுக்கு 20 மி.மீ. மேலே இருக்கிறது. லென்சிலிருந்து நாணயம் 400 மி.மீ. தொலைவிலும் கேரட்டின் விளிம்பு 380 மி.மீ. தொலைவிலும் இருக்கும்போது, அருகில் இருப்பது 400/380 மடங்கு, அதாவது ஐந்து விழுக்காட்டுக்குச் சற்று மேல் பெரிதாகப் பதிவாகும். வான்வழிப் படங்களோடு வேலை செய்தவர்கள் இதை நன்கு அறிவார்கள்: விமானத்துக்கு அருகில் இருப்பதால் தொட்டபெட்டாவின் உச்சி, கீழே உள்ள பள்ளத்தாக்கைவிடப் பெரிய அளவுகோலில் விழும், இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பது பிழை.

கேத்தி உழவர்:
நன்றி ஐயா. நாணயம் இரு திசைகளிலும் 189 பிக்சல்தான். ஒரு பிக்சல்கூட வேறுபடவில்லை.

மண்டிக்காரர்:
முப்பது ஆண்டுகளாக மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் அனுப்புகிறேன். ஒரு பலகையில் மூன்று அளவுகளில் துளையிட்டு, அவற்றில் நுழைகிறதா என்று பார்த்தால் தரம் பிரிந்துவிடும். இதற்குப் படமும் கணக்கும் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

கேத்தி உழவர்:
தரம் பிரிக்க உங்கள் பலகை போதும் அண்ணா. எனக்கு ஒவ்வொரு கேரட்டின் எண்ணும் பதிவாக வேண்டும்; முந்நூறு கேரட்டுகளையும் வெர்னியரில் அளக்கும் பொறுமை என்னிடம் இல்லை. மேலும் பாத்தியை மாற்றி எழுதிவிட்டேனோ என்று ஐயம் வந்தால் படத்தைத் திரும்பப் பார்க்கலாம்.

குன்னூர் நிரலர்:
உயரம்தான் காரணம் என்பதை ஏற்கிறேன். ஆனால் அப்போதும் என் 0.95 பொருந்துகிறதே.

கோத்தகிரி நில அளவர்:
40 மி.மீ. கேரட்டுக்கு மட்டுமே அது பொருந்தும் தம்பி. பருமன் மாறினால் அகன்ற பகுதியின் உயரமும் மாறும். இதே 40 செ.மீ. உயரத்தில், 20 மி.மீ. கேரட் 20.5 ஆகவும் 50 மி.மீ. கேரட் 53.3 ஆகவும் தெரியும். உங்கள் 0.95 முதலாவதை 19.5 ஆக இளைக்க வைக்கும், இரண்டாவதை 50.7 இல் நிறுத்தும். நெருக்கமாக நட்ட பாத்தியையும் அகல நட்ட பாத்தியையும் ஒப்பிடுபவருக்கு இது நல்ல பிழை அன்று. இரு பாத்திகளுக்கும் இடையே இல்லாத வேறுபாட்டை அது கூட்டிக் காட்டும். ஒவ்வொரு கேரட்டையும் அதன் பருமனுக்கு ஏற்பத் திருத்த வேண்டும்:

```
D = d / (1 + d / (2*H))
```

இதில் `d` என்பது படத்தில் கிடைத்த விட்டம், `H` என்பது அட்டைக்கும் லென்சுக்கும் இடையிலான உயரம்; இரண்டும் மில்லிமீட்டரில். 42.1 ஐ இட்டால் 40.0 கிடைக்கும். கேரட்டும் நாணயமும் படத்தின் நடுப்பகுதியில் இருக்க வேண்டும்.

குன்னூர் நிரலர்:
லென்சு கைபேசிக்குள் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? `H` தவறினால் எல்லாமே தவறும். 20, 40, 50 மி.மீ. தடிமனில் மரக்குச்சிகளைக் கடைந்து, அவற்றைப் படமெடுத்துத் திருத்தக் கோடு வரைவதே நம்பத் தகுந்தது.

கோத்தகிரி நில அளவர்:
மரக்குச்சி நல்ல யோசனை. சரிபார்க்கக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் `H` ஐப் பற்றிய அச்சம் பெரிதன்று. ஒரு சென்டிமீட்டர் தவறாக அளந்தாலும் இந்தக் கேரட்டின் விடை இருபதில் ஒரு பங்கு மில்லிமீட்டரே நகரும். அஞ்ச வேண்டியது வேறொன்று: சில கைபேசிகள் பொருள் அருகில் வந்தவுடன் தாமாகவே அகலக்கோண லென்சுக்கு மாறிவிடும். நாணயத்தின் பிக்சல் எண்ணிக்கை திடீரெனக் குறைந்தால் அதுவே அடையாளம்.

கோடநாட்டார்:
எங்கள் தேயிலைத் தோட்டப் பாதையில் ஒரு காலடித் தடத்தை ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படமெடுத்தேன். சிறுத்தையா, வேறு விலங்கா என்று அகலத்தை வைத்துச் சொல்ல முடியுமா? ஈர மண்ணில் ஆழமாகப் பதிந்திருந்தது.

கோத்தகிரி நில அளவர்:
உங்கள் படத்தில் பிழை நேர்மாறாக இருக்கும். நாணயம் மேல்மண்ணில் கிடக்கிறது. தடத்தின் அடி 2 செ.மீ. கீழே இருந்தால், 40 செ.மீ. உயரத்திலிருந்து எடுத்த படம் அகலத்தை ஐந்து விழுக்காட்டுக்கு நெருங்கக் குறைத்துக் காட்டும். அதைவிட முக்கியம், எந்த ஒரு ரூபாய் நாணயம் என்பது. பழைய எஃகு நாணயம் 25 மி.மீ., 2011 வரிசை 22 மி.மீ., 2019 வரிசை 20 மி.மீ.; மூன்றும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. எந்த விலங்கு என்பதை வனத்துறையினரிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். ஈர மண்ணில் தடத்தின் ஓரம் சரிந்து விரியும் என்பதால் அகலத்தை மட்டும் வைத்து நான் சொல்ல மாட்டேன்.

கேத்தி உழவர்:
இன்று காலை முக்காலியை 80 செ.மீ.க்கு உயர்த்தி அதே கேரட்டை மீண்டும் எடுத்தேன். திருத்தாமலே 41 மி.மீ. வந்தது, கூடுதல் பாதியாகக் குறைந்துவிட்டது. பனிமூட்டத்தில் எடுத்ததால் கேரட்டின் நிழலும் விழவில்லை. ஆனால் நாணயம் இப்போது 95 பிக்சல்தான். விளிம்பு ஒரு பிக்சல் தள்ளிப்போனால் விடை 0.4 மி.மீ. ஆடுகிறது.

கோத்தகிரி நில அளவர்:
நாணயத்துக்குப் பதில் ஏடிஎம் அட்டையை வையுங்கள். அதன் நீளம் 85.6 மி.மீ.; 80 செ.மீ. உயரத்திலும் 300 பிக்சல் கிடைக்கும், அதே ஒரு பிக்சல் பிழை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். மூலைகள் வளைந்திருப்பதால் நடுவில்தான் நீளத்தை அளக்க வேண்டும். அட்டையில் உள்ள எண்கள் படத்தில் விழாதபடி ஒரு தாளை ஒட்டி மூடிவிடுங்கள்.

கேத்தி உழவர்:
ஒரு கேரட் வெர்னியரில் ஒரு பக்கம் 38, திருப்பினால் 41 காட்டுகிறது. படத்துக்கு எதை உண்மை என்று கொள்வது?

கோத்தகிரி நில அளவர்:
தட்டையான பக்கத்தில்தான் கேரட் படுக்கும். ஆகவே மேலிருந்து பார்க்கும் படம் பெரும்பாலும் அகன்ற பக்கத்தையே காட்டும். இரு பாத்திகளுக்கும் அதே வழக்கம் நீடித்தால் ஒப்பீடு கெடாது. 41 ஐயே எழுதுவேன்.

குன்னூர் நிரலர்:
நான் எழுத மாட்டேன். அகல நட்ட பாத்தியில் கேரட் உருண்டையாகவும் நெருக்கமான பாத்தியில் தட்டையாகவும் விளைந்தால் அந்த வழக்கமே பிழையாகிவிடும். கால் சுற்றுத் திருப்பி, மணலில் நிறுத்திப் பிடித்து, இரண்டு படங்களின் சராசரியை எடுங்கள்.

கேத்தி உழவர்:
ஒவ்வொரு பாத்தியிலும் இருபது கேரட்டுகளை இரண்டு முறையிலும் எடுத்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.