Ca(OH)₂ கரைதிறன் பெருக்கம் ஆறு மடங்கு அதிகமாக வருகிறது, எங்கே தப்பு?

வெண்படிவு:
அவசரம். நாளைக்கு ரெக்கார்டு வைக்க வேண்டும். தெவிட்டிய கால்சியம் ஹைட்ராக்சைடு கரைசலை HCl வைத்துத் தரம் பார்த்தேன். Ksp 3.5 × 10⁻⁵ வருகிறது. புத்தகத்தில் 5.5 × 10⁻⁶. திரும்பச் செய்தாலும் அதேதான். பொது அயனி பகுதி இன்னும் மோசம், அதில் 1.1 × 10⁻⁴ வருகிறது. மாறிலி என்றால் மாறக் கூடாது அல்லவா?

நெடுங்குடுவை:
அமிலத்தின் செறிவு என்ன? எத்தனை மில்லி எடுத்தீர்கள்? எந்த நிறங்காட்டி? வடிகட்டினீர்களா? ஒன்றுமே சொல்லாமல் எங்கே தப்பு என்றால் என்ன சொல்வது?

மோல்கணக்கு:
எனக்குத் தெரிந்துவிட்டது. OH⁻ இரண்டு என்பதால் செறிவை இரட்டித்து, அப்புறம் வர்க்கமும் எடுத்திருப்பீர்கள். ஒரே இரண்டு இரண்டு தடவை உள்ளே வந்துவிட்டது. உங்கள் விடையை 4-ஆல் வகுத்துப் பாருங்கள், 8.7 × 10⁻⁶. புத்தக மதிப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள்.

வடிதாள்:
காற்றில் இருக்கும் கார்பன் டைஆக்சைடுதான் காரணம். எனக்கும் இதே தொல்லை இருந்தது. தெவிட்டிய கரைசலை மெதுவாக வடியும் தாளில் ஊற்றிவிட்டு மூடாமல் வைத்திருந்தேன். மேலே மெல்லிய வெள்ளை ஏடு கட்டியது. முதல் பிப்பெட்டுக்கும் கடைசிப் பிப்பெட்டுக்கும் நடுவில் ப்யூரெட் அளவு இறங்கிக்கொண்டே போனது.

நெடுங்குடுவை:
வடிதாள், நீங்களே சொல்லிவிட்டீர்கள், இறங்கியது என்று. கார்பனேட்டாகப் படிந்தால் OH⁻ குறையும், Ksp-யும் குறையும். இவருக்குக் கூடி வருகிறது. திசையே வேறு. பதில் எழுதும் முன் கேள்வியை ஒருமுறை படிப்பது நல்லது.

வெண்படிவு:
மன்னிக்கவும், விவரம் இதோ. 0.0500 M HCl, பினால்ப்தலீன். வடிகட்டிய கரைசல் 25.0 மில்லி, முடிவு நிலை 20.6 மில்லி. பொது அயனிக்கு 0.10 M CaCl₂ கரைசலில் சுண்ணாம்பைத் தெவிட்ட வைத்தேன், அதில் 25.0 மில்லிக்கு 15.7 மில்லி ஆனது. இரட்டிக்கவில்லை. OH⁻ 0.0412, அதில் பாதி Ca²⁺ 0.0206.

சுண்ணாம்புநீர்:
தம்பி, உங்கள் தரம்பார்த்தலில் தப்பு இல்லை. இப்படிச் சோதித்துப் பாருங்கள். 5.5 × 10⁻⁶ என்பதை அப்படியே 4s³ என்று வைத்தால் s 0.0111 வரும். அதாவது லிட்டருக்கு 0.82 கிராம். உங்கள் ப்யூரெட் 11.1 மில்லியில் நின்றிருக்க வேண்டும். 20.6-க்கும் 11.1-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கைப்பிழை என்று யாரும் சொல்ல முடியாது. இப்போது அதே புத்தகத்தின் கரைதிறன் அட்டவணையைத் திறந்தால், அறை வெப்பநிலையில் லிட்டருக்குச் சுமார் 1.6 கிராம் என்று இருக்கும். உங்கள் 0.0206 லிட்டருக்கு 1.53 கிராம். கரைதிறன் அட்டவணை உங்கள் பக்கம் நிற்கிறது.

இரண்டு அட்டவணையும் சரிதான். 5.5 × 10⁻⁶ என்பது செறிவுகளின் பெருக்கம் அல்ல, அயனிச் செயல்திறன்களின் பெருக்கம். உங்கள் கரைசலின் அயனி வலிமை கிட்டத்தட்ட 0.06. அந்த நெரிசலில் Ca²⁺ தன் செறிவில் 0.43 பங்கு அளவுக்குத்தான் செயல்படுகிறது, OH⁻ 0.81 பங்கு. 0.43-ஐ 0.81-இன் வர்க்கத்தால் பெருக்கினால் 0.28. உங்கள் 3.5 × 10⁻⁵ இதனால் 9.8 × 10⁻⁶ ஆகிவிடுகிறது.

மோல்கணக்கு:
நான் சொன்ன 4-ம் கிட்டத்தட்ட அதே இடத்துக்குத்தானே கொண்டுவந்தது? 0.28 என்றால் ஏறக்குறைய கால் பங்கு.

நெடுங்குடுவை:
அது தற்செயல். OH⁻-ஐ நேரடியாகத் தரம் பார்த்திருக்கிறார், அதன் வர்க்கம் எடுத்தே ஆக வேண்டும். அவர் எதையும் இரட்டிக்கவில்லை, Ca-வுக்காகப் பாதியாக்கினார். இந்த இரட்டிப்புப் பேச்சை நீங்கள் வேறு இழையிலும் எழுதியிருந்தீர்கள்.

மோல்கணக்கு:
அந்த இழையில் கேட்டவர் உண்மையாகவே s-ஐத் தரம் பார்த்த மதிப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தார். அங்கே நான் சொன்னது சரி.

நெடுங்குடுவை:
s-ஐ யாராலும் தரம் பார்க்க முடியாது. அமிலத்துக்குத் தெரிவது OH⁻ மட்டும்.

மோல்கணக்கு:
கால்சியத்தை EDTA வைத்துப் பார்த்தால்?

வெண்படிவு:
ஐயா, 9.8 புரிந்தது, ஆனால் இன்னும் 5.5 இல்லையே. பொது அயனியில் 1.1 × 10⁻⁴ ஏன்?

சுண்ணாம்புநீர்:
மிச்சம் இருப்பது CaOH⁺. கால்சியம் அயனிகளில் ஒரு பங்கு தனியாகத் திரியாமல் ஒரு OH⁻-ஐப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நான் கணக்கிட்டால் உங்கள் கரைசலில் அது கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. ப்யூரெட்டுக்குத் தனி OH⁻-ம் பிடிபட்ட OH⁻-ம் ஒன்றுதான், அமிலம் விழுந்தால் இரண்டும் வந்துவிடும். அதனால் 0.0412 முழுதும் தனி OH⁻ என்று நினைத்துக்கொள்கிறோம். அதைக் கழித்தால் Ksp 6 × 10⁻⁶ அளவுக்கு வருகிறது. CaOH⁺-க்கு எந்த மாறிலியை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து இது கொஞ்சம் நகரும், இரண்டாம் இலக்கத்துக்காகச் சண்டை போடாதீர்கள்.

CaCl₂ கரைசலில் இது இன்னும் பெரிது. அங்கே அயனி வலிமை 0.3-க்கு மேல், கால்சியமும் ஏராளம். OH⁻-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் CaOH⁺-க்குள் இருக்கும். வெறும் செறிவுக் கணக்குப்படி உங்களுக்கு 9 மில்லி வந்திருக்க வேண்டும், 15.7 வந்தது இதனால்தான். பொது அயனி கரைதிறனைக் கீழே இழுக்கிறது, உப்பு நெரிசலும் அயனி இணையும் மேலே தள்ளுகின்றன. நீங்கள் பார்த்தது மூன்றும் சேர்ந்த விளைவு.

இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு வழி உண்டு. சுண்ணாம்பை 0.30 M NaCl கரைசலில் தெவிட்ட வைத்து அதே 25.0 மில்லியைத் தரம் பாருங்கள். அயனி வலிமை CaCl₂ கரைசலுக்கு ஏறக்குறைய சமம், பொது அயனி இல்லை. 20.6-ஐ விட ஏறும், என் கணக்கில் 25 மில்லிக்குப் பக்கம். அந்த 25-க்கும் 15.7-க்கும் இடையில் உள்ளதைத்தான் பொது அயனி விளைவு என்று எழுத வேண்டும்.

வடிதாள்:
கரையவில்லை என்று சூடாக்கி வைத்திருந்தால்? சூட்டில் இது குறைவாகத்தான் கரையும் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சுண்ணாம்புநீர்:
நல்ல கேள்வி. சூடாக்கக் கூடாது. அறை வெப்பநிலையில் குலுக்கி, மூடி, ஒரு இரவு வைத்தாலே போதும். வெப்பநிலையைக் குறித்து வைக்க வேண்டும். இன்னொன்று, முடிவு நிலையில் நிறம் போய் மறுபடி இளஞ்சிவப்பு திரும்பினால் துகள் வடிதாளைத் தாண்டியிருக்கிறது. அந்த அளவு கூடுதலாகத்தான் இருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

நெடுங்குடுவை:
அப்படியே CaCl₂ பாட்டிலில் எந்த நீரேற்று என்று பாருங்கள். இருநீரேற்றின் மோலார் நிறை 147, நீரற்றது 111. மாற்றி எடை போட்டிருந்தால் உங்கள் 0.10 M, 0.10 அல்ல.

வெண்படிவு:
இருநீரேற்றுதான், 147 போட்டுத்தான் எடுத்தேன். NaCl-இல் செய்தேன், 24.7 மில்லி. இரண்டு மதிப்புகளையும் எழுதுகிறேன், செறிவில் ஒன்று, திருத்தியது ஒன்று. மிக்க நன்றி ஐயா, எழுதப் போகிறேன்.

சுண்ணாம்புநீர்:
வெப்பநிலை எவ்வளவு என்று சொல்லவே இல்லையே?

மோல்கணக்கு:
EDTA கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மொத்த கால்சியம் அதில் வரும், CaOH⁺-ம் சேர்த்துத்தான் வரும், சரிதானே?