கடனை முன்கூட்டியே அடைப்பதா, முதலீடா? கணக்கைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்

வீட்டுக் கடன் வட்டி 8.4%, மாதாமாதம் கணக்கிடுகிறார்கள். அதாவது மாதம் 0.7%. 1.007-ஐ 12 முறை பெருக்கினால் ஆண்டுக்கு உண்மையில் 8.73% வருகிறது. கையில் மிஞ்சும் பணத்தை வைப்பு நிதியில் போட்டால் 8.6%, காலாண்டுக் கூட்டு வட்டி. உண்மை விகிதம் 8.88%. அட, இதுதானே லாபம் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் வரி நினைவுக்கு வந்தது. வட்டியில் 20% வரிக்குப் போனால் காலாண்டுக்கு 2.15% என்பது 1.72% ஆகிறது, ஆண்டுக்கு 7.06% தான். கடனை அடைத்து மிச்சமாகும் வட்டிக்கு வரி கிடையாது. எனக்குக் கடன் வட்டிக்கான வரிச் சலுகையும் இல்லை.

இதுவரை சரியா? பங்கு நிதியின் சராசரி 11 சதவீதத்தை, நிச்சயமான இந்த 8.73 சதவீதத்தோடு அப்படியே ஒப்பிடலாமா? ஏற்ற இறக்கத்துக்கு எவ்வளவு கழிப்பீர்கள்?