பொருள்: பட்டர்ஃபிளையில் மீள்புள்ளி இரண்டா?

செல்வி எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை சைதாப்பேட்டையில் ஆப்ஷன் வகுப்பு. கையேடு நாளை அச்சுக்குப் போகிறது. லாபமும் நஷ்டமும் இல்லாமல் நிற்கும் பிரேக் ஈவனுக்கு ‘மீள்புள்ளி’ என்று போட்டிருந்தேன். புல் கால் ஸ்பிரெட்டில் அது சரியாக உட்கார்ந்தது. நிஃப்டி 24000 கால் ஆப்ஷன் ஒன்றை 200-க்கு வாங்கி, 24200 காலை 120-க்கு விற்கிறோம். கைக்காசு 80. எக்ஸ்பைரி அன்று நிஃப்டி 24000-ஐத் தாண்டாவிட்டால் அந்த 80-உம் போச்சு. 24080-இல் போட்டது மீள்கிறது. 24200-க்கு மேல் எவ்வளவு ஏறினாலும் 120-தான் லாபம்.

பட்டர்ஃபிளையில் மாட்டிக்கொண்டேன். அதே 24000 காலோடு, 24200 கால் இரண்டை விற்று, 24400 கால் ஒன்றையும் 65-க்கு வாங்கினால் செலவு 25-தான். 24200-இல் முடிந்தால் லாபம் 175. ஆனால் பிரேக் ஈவன் 24025, 24375 என்று இரண்டு. முதலாவதில் காசு மீள்கிறது, சரி. இரண்டாவதில் வந்த லாபமல்லவா கரைந்து முடிகிறது?

புலவர் தாமோதரன்:
அம்மா, அடகு நகையை மீட்கிறோம். இழந்தது கைக்கு வந்தால்தான் மீட்சி. இரண்டாம் புள்ளிக்கு அது பொருந்தாது. ‘முதலிலார்க்கு ஊதியமில்லை’ என்கிறது குறள். லாபம் ஊதியம், போட்டது முதல். ஆகவே ‘முதல்நிற்புள்ளி’. பட்டர்ஃபிளைக்குத் ‘தும்பி’ போதும்.

கார்த்திக்:
ஐயா, ‘உச்ச ஊதியம் 175’ என்றால் பசங்கள் சம்பளம் என்று நினைப்பார்கள். தும்பி குறுந்தொகையில் வண்டு, எங்கள் தெருவில் தட்டான். பேசாமல் ‘சமநிலைப்புள்ளி’ போடுங்கள்.

மீனாட்சி:
பொருளியல் வகுப்பில் சமநிலை என்றால் தேவையும் அளிப்பும் சந்திக்கும் இடம். ‘சமன்புள்ளி’ என்று நிறுத்தலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் கோடு சுழியத்தைத் தொடுகிறது. அதற்கு மேல் அந்தச் சொல் எதையும் சொல்ல வேண்டாம். தரகும் வரியும் சேர்த்தால் 24025 சற்று மேலேறும், 24375 சற்றுக் கீழிறங்கும். அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ரஹீம்:
அதிகபட்ச நஷ்டம் 80 என்று நம்பித்தான் என் மச்சான் புல் கால் ஸ்பிரெட் போட்டார். வாங்கிய கால் லாபம் காட்டியதும் அதை மட்டும் விற்றுவிட்டார். விற்ற கால் தனியாக நின்றது. மார்க்கெட் ஏற ஏற நஷ்டமும் ஏறிற்று. எந்தச் சொல் வைத்தாலும் இதைச் சொல்லுங்கள்.

மீனாட்சி:
ரஹீம் பாய், கேட்டது பிரேக் ஈவனுக்குச் சொல். ஆனாலும் நீங்கள் சொல்வது முக்கியம். இரண்டு காலும் சேர்ந்திருக்கும்வரைதான் அந்த 80.

செல்வி:
சரி, ‘கீழ்ச் சமன்புள்ளி’, ‘மேல் சமன்புள்ளி’ என்று அனுப்புகிறேன். மச்சான் கதை பெயரில்லாமல் பெட்டிச் செய்தியாக வருகிறது. பட்டர்ஃபிளை பட்டர்ஃபிளையாகவே இருக்கட்டும், அதற்கு நேரமில்லை.

புலவர் தாமோதரன்:
பட்டாம்பூச்சிக்கே தமிழ்நாட்டில் இடமில்லையா? மேலும் ‘மேற்சமன்’ என்றுதான் புணர வேண்டும். அச்சகத்துக்குப் போன் செய்ய இன்னும் நேரமிருக்கிறது.