வெளிறிய மலத்தின் நிறம் அச்சில் மஞ்சளாகிவிடுகிறது, உதவுங்கள்

பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். புதுப் பெற்றோருக்காகக் குழந்தையின் மல நிறம் பற்றி ஒரு கையேடு தயாரிக்கிறோம். மஞ்சள், பச்சை, பழுப்பு எல்லாம் இயல்பு என்ற பக்கம் சரியாக வந்துவிட்டது. சிக்கல் வெளிறிய நிறத்தில்தான்.

போன வாரம் ஓர் அம்மா ஐந்து வாரக் குழந்தையின் டயப்பரோடு வந்தார். எங்கள் மாதிரிப் பிரதியில் இருந்த ‘இயல்பான மஞ்சள்’ கட்டத்தோடு ஒத்துப்போனதாம், அதனால் சில நாள் காத்திருந்திருக்கிறார். ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் மலம் களிமண் நிறம், சிறுநீர் அடர்மஞ்சள். பித்தம் குடலுக்கு இறங்காதபோது இப்படி ஆகும். அன்றே நேரடி பிலிரூபின் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினோம். பித்தநாள அடைப்பாக இருந்தால், பிறந்து சுமார் 60 நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் பலன் அதிகம். ஒவ்வொரு நாளும் முக்கியம்.

லேசர் பிரிண்டரில் பளபளப்புத் தாள், சாதாத் தாள் இரண்டிலும் அடித்துப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் நிறம் மாறுகிறது. சரி, படமே வேண்டாம் என்று எழுத்தில் மட்டும் விளக்கினோம். ‘வெளிறிய’ என்பதை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டார்கள். மூன்று வாரத்தில் 2,000 பிரதி தேவை.

எல்லாப் பிரதியிலும் இந்த வெளிர் நிறங்கள் மாறாமல் வர எந்த முறையில் அச்சடிக்கச் சொல்ல வேண்டும்?