விபிஎன் போட்டால் நெட் படுத்துக்கொள்கிறது: ஸ்பிளிட் டனல் கேட்டு வாங்கலாமா?

மண்டபம் கேம்ப்:
வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை. ஃபைபர் லைன் 100 எம்பிபிஎஸ். விபிஎன் இல்லாமல் ஸ்பீட் டெஸ்ட் 94, பிங் 19 வருது. விபிஎன் போட்டதும் 7, பிங் 158. நியூஸ் பக்கம் திறக்கவே மூணு நாலு செகண்ட் ஆகுது. ஆபீஸ் சர்வர் ஜெர்மனியில இருக்கு. விண்டோஸ் 11, கம்பெனி லேப்டாப். லைனை மாத்தணுமா, இல்ல ஆபீஸ் டிராஃபிக் மட்டும் விபிஎன்ல போய் மத்ததெல்லாம் நேரா போற ஸ்பிளிட் டனல்னு சொல்றாங்களே, அதைக் கேட்கணுமா?

பாம்பன் லைட்ஹவுஸ்:
முதல்ல பாக்ஸைப் பாருங்க தம்பி. நம்ம பக்கம் உப்புக்காத்து, அடாப்டர் பின் எல்லாம் பச்சை பூத்துடும். LOS விளக்கு சிவப்பா எரியுதா? கேபிள்காரரைக் கூப்பிட்டு முனையை மாத்தச் சொல்லுங்க.

உச்சிப்புளி நெட்வொர்க்:
அண்ணே, உப்புக்காத்து விபிஎன் போட்டா மட்டும் அடிக்காது. அதே லைன்ல 94 வருதுன்னா பாக்ஸும் கேபிளும் நல்லாத்தான் இருக்கு.

மண்டபம், விபிஎன் போட்ட நிலையில கமாண்ட் ப்ராம்ப்ட்ல இதை அடிச்சு, முதல் வரியை மட்டும் போடுங்க:

```
tracert -d 8.8.8.8
```

முதல் வரியில வீட்டு ரவுட்டர் முகவரி வந்தா ஸ்பிளிட். ஆபீஸ் முகவரி வந்தா ஃபுல் டனல்.

மண்டபம் கேம்ப்:
```
1   154 ms   155 ms   154 ms   10.20.8.1
```

உச்சிப்புளி நெட்வொர்க்:
ஃபுல் டனல்தான். நீங்க திறக்கிற பக்கம் ஆபீஸுக்கு சம்பந்தமே இல்லாததா இருந்தாலும், முதல்ல ஜெர்மனி போய் அந்த ஆபீஸ் லைன் வழியா வெளியே வருது. பக்கத்தோட சர்வர் சென்னையில இருந்தா நிலைமை இன்னும் மோசம். இங்கிருந்து ஜெர்மனி, அங்கிருந்து சென்னை, அதே வழியா திரும்பி வரணும். பாம்பனுக்குப் போறவன் மதுரையைச் சுத்திப் போன மாதிரி.

ஒரு பக்கம் திறக்க, பேரைக் கேட்கிறது, இணைப்பு, பூட்டு, பிறகு பக்கத்தைக் கேட்கிறதுன்னு பொதுவா நாலு தடவை போய் வரணும். பிங் 19ன்னா நாலுக்கும் சேர்த்து 76 மில்லிசெகண்ட். 158ன்னா 632. இது ஒரு தளத்துக்கு. நியூஸ் பக்கம் படம், விளம்பரம்னு இருபது தளத்தைத் தொடும். உங்க மூணு நாலு செகண்ட் அங்கதான் போகுது.

7 எம்பிபிஎஸ்ஸுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். நீங்க டவுன்லோட் பண்ற ஒவ்வொரு பைட்டும் ஆபீஸ் லைன்ல உள்ளே ஒரு தடவை வருது, உங்களுக்கு அனுப்ப வெளியே ஒரு தடவை போகுது. அதனால ஆபீஸோட அப்லோட் வேகம்தான் உங்க எல்லாருக்கும் டவுன்லோட் வேகம். ஒரே நேரத்துல முப்பது பேர் வீடியோ பார்த்தா பங்கு அவ்வளவுதான். அதிகாலையில ஒரு தடவை, அவங்க ஆபீஸ் ஓடுற நம்ம மதியத்துல ஒரு தடவை அளந்து பாருங்க. மதியம் மட்டும் விழுந்தா ஆபீஸ் லைன் நெரிசல். எப்பவும் 7ன்னா தூரமோ ஆபீஸ் விபிஎன் கேட்வேயோட வரம்போ.

ராம்நாட் ஐடி:
இவ்வளவு எதுக்கு? என்க்ரிப்ஷன்தான் வேகத்தைத் தின்னுது. ஸ்பிளிட் போட்டா எல்லாம் சரி. பவர்ஷெல்ல ஒரே வரி:

```
Set-VpnConnection -Name "Office" -SplitTunneling $True
```

உச்சிப்புளி நெட்வொர்க்:
ஸ்பிளிட் சரி, மத்தது பாதிதான் சரி. இன்னைக்கு லேப்டாப் பிராசசருக்கு 100 எம்பிபிஎஸ் என்க்ரிப்ஷன் ஒரு பாரமே இல்ல. அந்தக் கமாண்டும் விண்டோஸோட சொந்த விபிஎன்னுக்கு மட்டும்தான். கம்பெனி தனி கிளையன்ட் வச்சிருந்தா பாதையை சர்வர்தான் தள்ளும். கையால மாத்தினாலும் அடுத்த கனெக்ஷன்ல பழையபடி வந்துடும். அதுவும் கம்பெனி லேப்டாப். எழுத்துல அனுமதி இல்லாம கை வைக்காதீங்க. எல்லா டிராஃபிக்கும் தங்களோட ஃபயர்வால் வழியா போகணும்னே சில கம்பெனி ஃபுல் டனல் வச்சிருக்கும்.

முழு ஸ்பிளிட் தரமாட்டாங்கன்னா, டீம்ஸ் கால் மட்டும் விலக்கிக் கேளுங்க. யுடிபி 3478 முதல் 3481 வரை, `52.112.0.0/14`, `52.122.0.0/15`. இதை டனலுக்கு வெளியே விடலாம்னு மைக்ரோசாஃப்டே சொல்லுது, அதனால ஐடி ஆளுக்கும் ஒத்துக்க சுலபம்.

கீழக்கரையான்:
எனக்கு நேர் எதிர். ஸ்பிளிட் குடுத்தாங்க, நெட் பறக்குது, ஆனா ஆபீஸ் ஃபைல் சர்வர் 192.168.1.20 திறக்கவே மாட்டேங்குது. வேற நாட்டு விபிஎன் போட்டா சரியாகுமா?

உச்சிப்புளி நெட்வொர்க்:
காக்கா, உங்க விஷயம் வேற, அந்த விபிஎன்னும் வேற. உங்க வீட்டு ரவுட்டர் 192.168.1.1 தானே? லேப்டாப் 192.168.1.20ஐ வீட்டுக்குள்ளேயே தேடுது, டனல் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்ல. ரவுட்டர் LAN பக்கத்துல முகவரியை 192.168.77.1ன்னு மாத்தி, ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்க. பிரிண்டருக்கு நிலையான முகவரி கொடுத்திருந்தா அதையும் மாத்தணும்.

மண்டபம் கேம்ப்:
ஐடில கேட்டேன், ஸ்பிளிட் குடுத்துட்டாங்க. tracert முதல் வரி இப்போ 192.168.0.1, 2 ms. ஸ்பீட் டெஸ்ட் 91. ஆனா பக்கம் திறக்க ஆரம்பிக்கிறப்போ இன்னும் இழுக்குது. வந்துட்டா வேகமா வருது. சில தளத்துல வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு.

உச்சிப்புளி நெட்வொர்க்:
பாதை பிரிஞ்சிருச்சு, தளத்தோட பேருக்கு முகவரி சொல்ற டிஎன்எஸ் பிரியல. வீடியோ சுத்துற தளத்தோட பேரைப் போட்டு இந்த ரெண்டையும் பாருங்க:

```
nslookup www.example.com
nslookup www.example.com 1.1.1.1
```

மண்டபம் கேம்ப்:
முதல்ல Server: 10.20.0.53ன்னு வருது. ரெண்டுலயும் கிடைச்ச முகவரி வேற வேற. முதல் முகவரிக்கு பிங் 149, ரெண்டாவதுக்கு 21.

உச்சிப்புளி நெட்வொர்க்:
அதேதான். பேரைக் கேட்கிற கேள்வி இன்னும் ஜெர்மனிக்குப் போகுது, அதுலயே ஒவ்வொரு புதுப் பேருக்கும் 150 மில்லிசெகண்ட். அதைவிடப் பெரிய சிக்கல், கேள்வி ஜெர்மனியில இருந்து வர்றதால தளம் ஜெர்மனிக்குப் பக்கத்து சர்வரைக் கைகாட்டுது. நீங்க டனல் இல்லாம நேரா போறீங்க, ஆனா போறது ஜெர்மனிக்கு. எல்லாத் தளமும் இப்படி இல்ல. எங்கிருந்து கேட்டாலும் ஒரே முகவரி தர்ற தளங்கள்ல இந்த இழுவை குறைவா இருக்கும். அதனாலதான் 'சில தளத்துல'.

ஐடிகிட்ட ரெண்டு வேலை சொல்லுங்க. கம்பெனி டொமைனுக்கு மட்டும் கம்பெனி டிஎன்எஸ்:

```
Add-DnsClientNrptRule -Namespace ".corp.example" -NameServers "10.20.0.53"
```

அதோட விபிஎன் அடாப்டர்ல இருந்து 10.20.0.53ஐ எடுக்கணும். முதல் வேலையை மட்டும் செஞ்சா மத்த பேரெல்லாம் பழையபடி அங்கேயே போகும்.

ராம்நாட் ஐடி:
இதைச் செஞ்ச பிறகு nslookupல ஆபீஸ் பேர் கிடைக்காதே? Non-existent domainன்னு வரும்.

உச்சிப்புளி நெட்வொர்க்:
வரும், இதுல நீங்க சொல்றது சரி. nslookup அந்த விதியை மதிக்காது, பிரவுசர் மதிக்கும். சோதிக்க `Resolve-DnsName` போடணும். ஐடி ஆள் nslookup பார்த்துட்டு 'உடைஞ்சிருச்சு'ன்னு திருப்பி வைக்கிறது இங்கதான், முன்னாடியே சொல்லிடுங்க.

மண்டபம் கேம்ப்:
ரெண்டும் செஞ்சாங்க. நியூஸ் பக்கம் ஒரு செகண்டுக்குள்ள வருது, வீடியோ சுத்தல. ஆபீஸ் உள்தளமும் திறக்குது. ஆனா டீம்ஸ்ல ஃபைல் இறக்கினா இன்னும் 7லயே நிக்குது, கால் மட்டும் தெளிவா இருக்கு.

உச்சிப்புளி நெட்வொர்க்:
ஃபைல் ஷேர்பாயின்ட்ல இருந்து வருது, கால் போற வழி வேற. ஷேர்பாயின்டை வேணும்னே டனலுக்குள்ள வச்சிருக்காங்களோ, இல்ல உங்க கம்பெனி கணக்கே ஐரோப்பாவுல இருக்கோ தெரியல. ஷேர்பாயின்ட் பேருக்கு ஒரு tracert போடுங்க.

பாம்பன் லைட்ஹவுஸ்:
அடாப்டர் பின்னையும் ஒரு தடவை பார்த்துடுங்க தம்பி.